மொட்டைத் தலையில் அரிப்பும் கொப்புளமும்: சந்தனம் மட்டும் போதுமா?

கேள்வி: பன்னிரண்டு நாளுக்கு முன் பழனியில் என் கணவரும் (38) மகனும் (5) மொட்டை போட்டார்கள். கணவருக்குப் புது பிளேடு போட்டதைப் பார்த்தேன். அடுத்து மகனுக்கு மாற்றினார்களா, அதே பிளேடா என்று நினைவில்லை. அவன் அழுது திமிறியதில் பிடரியில் இரண்டு இடத்தில் கீறிவிட்டது. சந்தனம் பூசிக்கொண்டு வெயிலில் படியேறினோம். கணவருக்குத் தலை சிவந்து எரிந்து, நாலாம் நாள் தோல் உரிந்தது. இப்போது இருவருக்கும் தாங்க முடியாத அரிப்பு. மகனுக்குப் பிடரியில் சீழ் வைத்த மாதிரி மூன்று கொப்புளம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தடவச் சொல்கிறார் மாமியார். என்ன செய்யலாம் டாக்டர்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கற்பூர எண்ணெயை முதலில் எடுத்து ஓரமாக வையுங்கள். மகன் தலையில் ஒரு சொட்டுகூட வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். சொறிந்து புண்ணான இடம் என்றால் இன்னும் வேகமாகப் போகும். சின்னக் குழந்தைகளுக்கு அதனால் வலிப்பு வரக்கூடும். தடவியதும் ஜில்லென்று இருப்பதால் அரிப்பு அடங்கிவிட்ட மாதிரி தெரியும், அவ்வளவுதான். மாமியாரிடம், "வெறும் தேங்காய் எண்ணெய் போதும் என்று டாக்டர் சொன்னார்" என்று சொல்லுங்கள். அவர் சொன்னதில் பாதி சரிதான்.

இப்போது அந்த மூன்று கொப்புளங்கள். பிளேடு கீறிய இடத்தைச் சுற்றியே அவை இருக்கின்றன என்பது முக்கியமான தகவல். கீறல் வழியாகவோ, முடி முளைக்கும் சின்னக் குழி வழியாகவோ கிருமி புகுந்து சீழ் வைக்கிறது. இது பெரும்பாலும் நம் தோலிலும் மூக்கிலும் எப்போதும் இருக்கிற கிருமிதான். கீறலின் மேல் சந்தனத்தை அப்பினால் ரத்தம் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் கல்லில் உரைத்த சந்தனம், அந்தத் தண்ணீர், பூசிய விரல் எதுவுமே காயத்துக்கு ஏற்ற சுத்தத்தில் இருக்காது. காய்ந்த சந்தனம் ஓடு மாதிரி மூடிக்கொள்ள, அடியில் வியர்வை தேங்கி நிற்கும். சந்தனம் பூச வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அது வேண்டுதலின் பகுதி. கீறல் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பூசுங்கள், அன்று மாலையே கழுவிவிடுங்கள்.

கொப்புளத்துக்கு வெந்நீர் ஒத்தடம் நல்ல மருந்து. சுத்தமான பருத்தித் துணியை, உங்கள் மணிக்கட்டு தாங்குகிற சூட்டில் நனைத்துப் பிழிந்து, பத்து நிமிடம் மெதுவாக வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை. பிதுக்கவே கூடாது. தினமும் ஒரு தடவை குழந்தைகள் ஷாம்பூவால் தலையைக் கழுவி, தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுங்கள். அந்தத் துண்டும் தலையணை உறையும் அவனுக்கென்று தனியாக இருக்கட்டும், உறையை இரண்டு நாளுக்கு ஒருமுறை துவையுங்கள். நகத்தை இன்றே ஒட்ட வெட்டிவிடுங்கள். மூன்றே கொப்புளம் என்பதால், மருத்துவர் பார்த்து எழுதித் தரும் மியூபிரோசின் களிம்பு ஐந்து முதல் ஏழு நாள் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் மூன்று என்பது ஆறாகப் பெருகினாலோ, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ களிம்பு போதாது, வாய்வழி மருந்து தேவைப்படும். அவன் கழுத்தின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கடலை அளவில் நெறி கட்டியிருக்கலாம். அது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அது பெரிதாகி, தொட்டாலே அழுகிறான் என்றால் அன்றைக்கே காட்டுங்கள்.

இனி இருவருக்கும் வந்த அரிப்பு. முடி ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வளரும். பன்னிரண்டு நாளில் நான்கு மில்லிமீட்டர். மழித்த முடியின் நுனி இயல்பான முடி மாதிரி கூராகச் சன்னமாக முடியாது. வெட்டிய குச்சி போல மொட்டையாக, முரடாக இருக்கும். நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் அது வளையவும் வளையாது. தலையணையில் படுக்கும்போதும் ஹெல்மெட் போடும்போதும் அழுந்தி, வேர்ப்பக்கத்தில் குத்தும். இதோடு தோல் வறட்சியும் சேர்ந்துகொள்கிறது. பிளேடு முடியோடு சேர்த்துத் தோலின் மேல் படலத்தையும் கொஞ்சம் சுரண்டி எடுத்துவிடுகிறது, உங்கள் கணவருக்கு மீதியை வெயில் எடுத்துவிட்டது. அதனால்தான் அவருக்கு அரிப்பு அதிகமாக இருக்கும். முடி ஒரு சென்டிமீட்டர் ஆகும்போது, அதாவது ஒரு மாதம் நெருங்கும்போது, முடி வளைந்து கொடுக்கத் தொடங்கும், அரிப்பும் தானாகக் குறையும்.

அதுவரை அரிப்பைத் தணிக்க எண்ணெய் உதவும். ஆனால் எப்படித் தடவுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குளித்து, துண்டால் ஒற்றி, தலை இன்னும் ஈரமாக இருக்கும்போதே நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மெல்லத் தடவுங்கள். ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதுதான் எண்ணெயின் வேலை. காய்ந்த தலையில் வழிய வழிய வைத்தால் முடிக்குழி அடைத்துக்கொண்டு புதுக் கொப்புளம் கிளம்பும். மகனுக்குக் கொப்புளம் ஆறும் வரை அந்தப் பக்கம் எண்ணெய் படாமல் பாருங்கள். உங்கள் கணவருக்குப் பொடுகு உண்டு என்றால் எண்ணெய்க்குப் பதிலாக வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் லோஷன் நல்லது. சொறியாமல் இருக்க முடியாதபோது நகத்தால் சொறிவதற்குப் பதில் ஈரத்துணியை ஐந்து நிமிடம் தலையில் போடச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுகிறவர் என்றால் ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டி, தினமும் அதை மாற்ற வேண்டும். ராத்திரி தூங்க முடியாத அளவு அரித்தால் மகனுக்கு அரிப்பு மாத்திரை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவன் எடையைப் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் போய், "தலையில் அரிப்பு" என்று சொல்லி க்ரீம் வாங்காதீர்கள். பல சமயம் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த ஒரு ட்யூப்தான் கைக்கு வரும். சில வருடங்களுக்கு முன் ஆறு வயதுப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்தார்கள். மொட்டை போட்டு ஒன்றரை மாதம். காதுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவில் செதில் செதிலாக இருந்த இடத்துக்கு ஒரு மாதமாக அப்படி ஒரு க்ரீம் தடவியிருக்கிறார்கள். முதல் வாரம் அரிப்பு நின்றுவிட்டதால் நல்ல மருந்து என்று நினைத்திருக்கிறார்கள். நான் பார்க்கும்போது அந்த இடம் எலுமிச்சை அளவு வீங்கி, அழுத்தினால் பழுத்த தக்காளி போல அமுங்கியது. அங்கங்கே சீழ். அங்கிருந்த முடியைப் பிடித்ததும் வலிக்காமல் கையோடு வந்துவிட்டது. அது தலைப்படை, பூஞ்சைத் தொற்று. பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் மேலே தடவும் களிம்பு அங்கே எட்டாது, வாய்வழி மருந்து வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும். அவன் எட்டு வாரம் சாப்பிட்டான். நோய் போய்விட்டது, ஆனால் நடுவில் கொஞ்சம் இடத்தில் முடி திரும்ப வரவேயில்லை.

உங்கள் மகனுக்கு இப்போது அப்படி எதுவும் தெரியவில்லை. தலை முழுவதும் பரவலாக அரித்தால் அது முடி முளைக்கும் அரிப்பு. ஒரே இடத்தில் அரித்து, அங்கே வட்டமாகச் செதில் உதிர்ந்து, மற்ற இடத்தில் முடி நீளும்போது அங்கே மட்டும் முடி ஒடிந்து கருப்புப் புள்ளியாக நின்றால் அது படை. இன்னும் இரண்டு வாரம் கழித்து நல்ல வெளிச்சத்தில் அவன் தலையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

கணவரின் வெயில் காயம் ஏறக்குறைய ஆறிவிட்டது. பல வருடங்களாக முடியின் நிழலில் இருந்த தோல் அது. முகமும் கையும் வெயிலில் பழகிய மாதிரி அதற்குப் பழக்கமில்லை. சந்தனம் குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் சுடுவது தெரியாமல் போய்விடுகிறது, ஆனால் காய்ந்து வெடித்த சந்தனத்தின் இடுக்கு வழியாக வெயில் நேராக இறங்கும். சிவப்பும் எரிச்சலும் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும் என்பதால் மலையை விட்டு இறங்கிய பிறகுதான் ஆளுக்கே தெரிகிறது. உரிந்து புதிதாக வந்திருக்கும் தோல் இன்னும் மெல்லியது. முடி தலையை மூடும் வரை வெளியில் போனால் துணித் தொப்பி அல்லது துண்டு கட்டாயம். தொப்பி போட முடியாத வேலை என்றால் எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்க்ரீன் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். காது மடலையும் பிடரியையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இன்னும் உரிகிற தோலைப் பிய்க்க வேண்டாம்.

கடைசியாக பிளேடு. உங்கள் கேள்வியிலேயே இதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். பயப்பட வேண்டியவை ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி மூன்றும். இதில் பி எளிதில் தொற்றும். காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். ஆனால் உங்கள் கணக்கு சுலபமானது. கணவருக்குப் புது பிளேடு போட்டதை நீங்களே பார்த்தீர்கள். அதே பிளேடு மகனுக்குப் போயிருந்தால், அவன் தலைக்கு வந்திருக்கக்கூடியது அப்பாவின் ரத்தம் மட்டும்தான். எனவே கணவருக்கு இந்த மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அவருக்கு எதுவும் இல்லை என்றால் அந்த பிளேடிலிருந்து மகனுக்கு வர ஒன்றுமில்லை. மகனின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் பென்டாவேலன்ட் போட்டிருந்தால் ஹெபடைடிஸ் பி-க்கு அவனுக்கு ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கிறது. ஐந்து வயதில் போட வேண்டிய டி.பி.டி பூஸ்டர் விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள், டெட்டனஸுக்கும் அதுதான். கணவர் ஹெபடைடிஸ் பி ஊசியே போட்டதில்லை என்றால், ரத்தத்தில் கிருமி இல்லை என்று தெரிந்ததும் மூன்று ஊசிகளைத் தொடங்கலாம்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

யாருடைய தலையில் ஓடியது என்றே தெரியாத பிளேடு கீறியிருந்தால் கதை வேறு. அப்போது அரிப்பு வரும் வரை காத்திருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசியை முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எச்.ஐ.வி தடுப்பு மாத்திரை தேவையா என்பதையும் 72 மணி நேரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

அடுத்த முறை மொட்டைக்கு உட்காரும்போது உறையைப் பிரித்து பிளேடைக் கத்தியில் மாட்டுவதை ஒவ்வொரு தலைக்கும் நின்று பாருங்கள், அப்பா மகன் என்றாலும். கீறிய இடத்தில் தேய்க்கும் படிகாரக் கட்டியும் பலர் ரத்தம் பட்டதுதான், அது வேண்டாம். சுத்தமான கைக்குட்டையை மடித்து, நடுவில் எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும். நெற்றி, தலைப் பகுதியில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சின்னக் கீறலே நிறைய வழியும். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை, அல்லது காயத்தின் இரு ஓரமும் விலகி நிற்கிறது என்றால் தையல் தேவைப்படலாம்.