வருடந்தோறும் ஒரே தொகை கூடும் ஆனுவிட்டியின் தற்போதைய மதிப்பு

கேள்வி: முதல் வருட முடிவில் 10,000 வரும். அதன்பின் வருடத்துக்கு 1,000 கூடும், மொத்தம் 10 தவணை. வட்டி 8%. ஒரு முறை போட்டால் 99,788 வருகிறது, இன்னொரு முறை 1,00,702. எது சரி?

இரண்டுமே இல்லை. சரியான விடை 93,078.

தவணைகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பாருங்கள். அடியில் 10 வருடமும் மாறாத 10,000. அதன்மேல் 2-ஆம் வருடத்தில் தொடங்கி 9 முறை வரும் ஒரு 1,000, 3-ஆம் வருடத்தில் தொடங்கி 8 முறை வரும் இன்னொரு 1,000, இப்படியே கடைசி வருடத்தில் ஒரே ஒரு முறை வரும் 1,000 வரை. மேலே உள்ள அடுக்குகள் 9தான், 10 அல்ல. எல்லா அடுக்கையும் இன்றைய தேதிக்குக் கொண்டுவந்து கூட்டினால் கிடைப்பது இது:

```
v  = 1 / (1 + i)
a  = (1 − v^n) / i
PV = P × a + Q × (a − n × v^n) / i
```

P முதல் தவணை, Q வருடாந்தரக் கூடுதல், i வருட வட்டி, n தவணைகளின் எண்ணிக்கை. உங்கள் கணக்கில் v^10 = 0.463193, a = 6.710081. அடி அடுக்கு 67,100.81. கூடுதலுக்கு, 6.710081-இலிருந்து 4.63193-ஐக் கழித்து 0.08-ஆல் வகுத்தால் 25.9768, அதை 1,000-ஆல் பெருக்க 25,976.83. இரண்டும் சேர்ந்து 93,077.64.

இனி, 99,788 எங்கிருந்து வந்தது? பாடப்புத்தகங்களில் (Ia) என்று ஒரு சூத்திரம் இருக்கும். அது 1, 2, 3 என்று ஏறும் தவணைகளுக்கானது. அதாவது முதல் வருடத்திலேயே ஒரு Q-வை எண்ணிவிடும். அதைப் பயன்படுத்தினால் சமமான பகுதியை P − Q, அதாவது 9,000 என்று வைக்க வேண்டும். நீங்கள் 10,000-ஐயே வைத்திருக்கிறீர்கள். அதனால் சரியாக 1,000 × 6.710081, அதாவது 6,710 கூடுதலாக வந்திருக்கிறது. விடை Q × a அளவுக்குப் பிசகினால் இதுதான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

1,00,702 வேறு கதை. 1,000 என்பது 10,000-இல் 10% என்று நினைத்து, சதவீத வளர்ச்சிக்கான சூத்திரத்தில் போட்டிருக்கிறீர்கள். அதில் 10-ஆவது தவணை 23,579 ஆகிவிடும்; உங்களுடையதோ வெறும் 19,000. கூடுதல் தொகை மாறாமல் இருந்தால் வளர்ச்சிச் சதவீதம் வருடாவருடம் இறங்கிக்கொண்டே போகும்.

சந்தேகம் இருந்தால், விரிதாளில் B1 முதல் B10 வரை தவணைகளை அடித்து `=NPV(8%,B1:B10)` போட்டுச் சரிபாருங்கள். தவணை வருட ஆரம்பத்தில் வருமானால் விடையை 1.08-ஆல் பெருக்கினால் போதும், 1,00,524 வரும். வருடத்துக்கு ஒரு முறை கூடினாலும் பணம் மாதாமாதம் வருமென்றால் இந்தச் சூத்திரத்தை அப்படியே போடாதீர்கள். முதலில் ஒவ்வொரு வருடத்தின் 12 தவணைகளையும் மாத வட்டியில் வருட முடிவுக்குக் கொண்டுபோய், முதல் வருடத்துக்கு வரும் தொகையை P ஆகவும், அது வருடாவருடம் கூடும் அளவை Q ஆகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.