பீடியை விட்டவர் பேசும் வீடியோ: வசனம் எப்படி எழுதலாம்?

"குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறவங்களுக்காக, புகையை நிறுத்துவது பற்றி ஒரு வீடியோ எடுக்கிறோம். திட்டாமல் எப்படி எழுதுவது?"

நோய்ப் படங்களை விட்டுவிடுங்கள். பால் வெட்டி முடித்து, சிரட்டை நிறையும் வரை காத்திருக்கும் நேரத்தில்தான் பலருக்கும் கை பீடியைத் தேடும். முழு வீடியோவையும் அங்கேயே வையுங்கள். முன்பு புகைத்த ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து பேசட்டும்:

"மக்களே, நிறுத்தின முதல் மூணு நாள் ரொம்பக் கஷ்டம். தூக்கம் இல்ல, வீட்ல எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுந்தேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன். ஆசை அலை மாதிரி ஏறும், அஞ்சு நிமிஷம் போல நின்னு, தானா இறங்கும். அந்த அஞ்சு நிமிஷமும் தண்ணி குடிச்சேன், அடுத்த வரிசை மரம் வரை நடந்தேன். இப்பவும் புகை வாசம் வந்தா மனசு திரும்பும். ஆனா அதுவும் இறங்கிரும்."

கடைசி இரண்டு வரியை வெட்டாதீர்கள். ஆசையே வராது என்று சொன்னால், அது வரும் நாளில் பார்ப்பவர் தான் தோற்றுவிட்டதாக நினைத்து மறுபடி பற்றவைப்பார்.

இன்னொன்றையும் சேர்க்கலாம். நிறுத்திய பிறகு சில வாரம் சிலருக்கு இருமல் கூடும். நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்வதால் வருவது அது. முன்கூட்டியே தெரியாவிட்டால், "விட்டதால்தான் இருமுது" என்று திரும்பிவிடுவார்கள். ரத்தம் வந்தாலோ இருமல் நீடித்தாலோ டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவில் 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண்ணை அவரே வாயால் சொல்லட்டும்.