நான்காம் பத்தியில் ஒளிந்திருந்த கோரிக்கை

மதிப்பிற்குரிய ஐயா,

ஆண்டறிக்கையைத் தர அவகாசம் கேட்டு என் மேலாளருக்கு ஐந்து பத்திகளில் மின்னஞ்சல் எழுதினேன். 'பார்த்தேன், நன்றி' என்று மட்டும் பதில் வந்தது. அவகாசம் கிடைத்ததா இல்லையா என்றே தெரியவில்லை. மடலை இணைத்திருக்கிறேன். இதில் எதை வெட்டுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்க வந்தது நான்காம் பத்தியின் மூன்றாவது வாக்கியத்தில்தான் வருகிறது. அதுவும் 'சற்றுக் கூடுதல் அவகாசம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது' என்று தயங்கித் தயங்கி வருகிறது. எத்தனை நாள் என்பது அதில் இல்லை. ஐந்தாம் பத்தியில் உதவிக்கு ஓர் ஆளையும் கேட்டுவிட்டு, 'தங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்' என்று முடித்திருக்கிறீர்கள். 'பார்த்தேன்' என்று எழுதியவர் மீது எனக்குக் குறையே தோன்றவில்லை.

வெட்டுவதற்கு முன் மடலை மூடிவைத்துவிட்டு, படித்து முடித்ததும் அவர் எதை முடிவு செய்ய வேண்டும் என்பதை 'சரி' அல்லது 'இயலாது' என்று பதில் சொல்லக்கூடிய ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் மடலின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதை நீக்கினால் அவருடைய முடிவு மாறுமா என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் நலம் விசாரிப்பும் பணி தொடங்கிய கதையும் தாமாகவே உதிர்ந்துவிடும். கணக்குப் பிரிவு தாமதித்த வரலாற்றுக்கு நீங்கள் ஒரு முழுப் பத்தி தந்திருக்கிறீர்கள். அதில் முடிவுக்கு வேண்டியது கணக்கு வந்துசேர்ந்த தேதி மட்டுமே, மற்றதெல்லாம் புகாராகத்தான் படிக்கப்படும்.

எஞ்சுவது இது:

பொருள்: ஆண்டறிக்கை – 12ஆம் தேதிவரை அவகாசம் வேண்டி

ஐயா, ஆண்டறிக்கையை 7ஆம் தேதிக்குப் பதிலாக 12ஆம் தேதி தர அனுமதி வேண்டுகிறேன். விற்பனைக் கணக்கு நேற்றுதான் கைக்கு வந்தது. அதைச் சரிபார்க்க ஒரு வாரம் ஆகும். 7ஆம் தேதியே தேவையென்றால் சரிபார்க்காத வரைவைத் தருகிறேன். நாளை மாலைக்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இதற்கு மேலும் சுருக்கலாம் என்று கை துறுதுறுக்கும். முதல் வாக்கியத்தோடு நிறுத்தினால் 'ஏன்' என்று கேட்டு ஒரு மடல் வரும். நான்காவதை எடுத்துவிட்டால், மறுத்தால் என்ன ஆகும் என்று அவரே ஊகிக்க வேண்டியிருக்கும். நான் காப்பாற்றி வைக்கச் சொல்வது அந்த நான்காவது வாக்கியத்தைத்தான்.

உதவியாளர் விஷயத்தை இதில் சேர்க்காதீர்கள். இரண்டு கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றதை மறந்துவிடுவது எல்லோருக்கும் வழக்கம், எனக்கும்தான். தேதி முடிவான பிறகு அதைத் தனியாகக் கேளுங்கள்.

புதிய மடலைப் பழையதற்குத் தொடர்ச்சியாக அனுப்பாமல் புதிதாகவே தொடங்குங்கள். இல்லையென்றால் அந்த ஐந்து பத்திகளும் இதன் கீழேயே தொங்கிக்கொண்டு வரும்.