மேல்தளத்தில் தறி, கீழே நான்கு தூண்: பக்கவாட்டு அதிர்வு பற்றிய கேள்வி பதில்

கட்டடங்களின் அதிர்வைக் கணக்கிடுவது என் தொழில். இன்றைக்கு ஒரு மாடிச் சட்டகம், அதன் பக்கவாட்டு ஆட்டம் ஆகியவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தறி உரிமையாளர், சோமனூர்: கீழே வண்டி நிறுத்துமிடம், சுவர் கிடையாது. 300 மி.மீ. சதுரத் தூண் நான்கு, உயரம் 3 மீட்டர். மேலே 6 மீட்டருக்கு 6 மீட்டர் தளம், தகரக் கூரை, நான்கு விசைத்தறிகள். நிமிடத்துக்கு 150 பிக். எல்லாம் ஓடும்போது தளம் பக்கவாட்டில் ஆடுகிறது. சிறிது நேரம் கூடுகிறது, பிறகு குறைகிறது. கட்டடம் பலவீனமா?

பலவீனம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பாரத்தைத் தாங்கும் வலிமை வேறு, ஆட்டத்துக்கு எதிரான விறைப்பு வேறு. உங்கள் கட்டடத்தில் எடை முழுவதும் மேலே இருக்கிறது. கீழே இருப்பவை தூண்கள் மட்டும். ஆகவே தளத்தை ஒரே நிறையாகவும், நான்கு தூண்களைச் சேர்ந்து வேலை செய்யும் சுருள்வில்லாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

தளம், பூச்சு, பீம், தூண்களின் மேல்பாதி எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 25 டன் வருகிறது. தறிகள், பக்கச் சுவர், கூரை ஆகியவற்றுக்கு 8 டன் சேர்த்து 33 டன் என்று கொள்கிறேன். கான்கிரீட் எம் 25 தரம் என்றால் அதன் மீள்மை எண் E 25,000 மெகாபாஸ்கல். கீழே I தூண் குறுக்குவெட்டின் வளைவு எதிர்ப்பு, h தூணின் உயரம், k மொத்த விறைப்பு, m நிறை, f தள்ளிவிட்டால் தளம் தானாக ஆடும் இயல்பு அதிர்வெண். தூணின் இரு முனையும் திரும்பாமல் இறுகியிருப்பதாக முதலில் எடுத்துக்கொள்வோம்:

```
I = 0.3⁴/12 = 6.75×10⁻⁴ m⁴
k = 4 × 12EI/h³ = 30×10⁶ N/m
f = (1/2π)√(k/m) = (1/2π)√(30×10⁶/33000) = 4.8 Hz
```

பீம் உண்மையில் கொஞ்சம் வளையும். 230 × 450 பீம் என்றால் மொத்த விறைப்பு முக்கால் பங்காகக் குறைந்து, அதிர்வெண் 4.1 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. உங்கள் தளத்தின் இயல்பு அதிர்வெண் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும்.

இப்போது தறியைப் பாருங்கள். 150 பிக் என்றால் ஊடையை அடித்துச் சேர்க்கும் சட்டம் நொடிக்கு 2.5 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. அந்த அசைவு சீரான அலையாக இருப்பதில்லை. அதனால் 2.5 ஹெர்ட்ஸ் தள்ளலோடு அதன் இருமடங்கான 5 ஹெர்ட்ஸிலும் ஒரு தள்ளல் கிளம்புகிறது. உங்கள் தளத்துக்கு மிக அருகில் நிற்பது இந்த 5 ஹெர்ட்ஸ்தான்.

ஆட்டம் கூடிக் குறைவதற்குக் காரணம், நான்கு மோட்டார்களும் ஒரே வேகத்தில் ஓடாததே. ஒன்று 150 பிக்கும் மற்றொன்று 147 பிக்கும் ஓடினால், 20 நொடிக்கு ஒருமுறை இரண்டின் அடியும் ஒன்றுசேரும், பிறகு விலகும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள், சீரான இடைவெளி தெரியும்.

கணக்கை மட்டும் நம்பிச் செலவு செய்ய வேண்டாம். கைப்பேசியின் முடுக்கமானிச் செயலியைத் திறந்து, பேசியைத் தளத்தில் அசையாமல் வைத்து, அளந்து சொல்லுங்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவி: இதே மாதிரி ஒரு சட்டகத்துக்கு, ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் காலம் எனக்கு T = 0.57 நொடி வருகிறது. விடையில் 0.18 நொடி. எடை 244 கிலோநியூட்டன், k = 30×10⁶ N/m.

நிறை இருக்க வேண்டிய இடத்தில் எடையை 2,44,000 நியூட்டன் என்று அப்படியே போட்டிருக்கிறீர்கள். 9.81ஆல் வகுத்தால் ஏறக்குறைய 25,000 கிலோகிராம், T = 0.18. இந்தத் தவறு தானாகவே காட்டிக்கொடுக்கும்: விடை சரியாக 3.13 மடங்கு கூடும், அது 9.81இன் வர்க்கமூலம். குட்டையான ஒரு மாடிக் கான்கிரீட் சட்டகத்துக்கு அரை நொடிக்கு மேல் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

தறி உரிமையாளர், சோமனூர்: அளந்துவிட்டேன். நான்கு தறியும் ஓடும்போது 5.0 என்று ஒரே கூரான உச்சம் காட்டுகிறது. அப்படியானால் இயல்பு அதிர்வெண் 5 தானே?

இல்லை. நீங்கள் அளந்தது தறியின் அதிர்வெண்ணை. தொடர்ந்து தள்ளும் விசை இருக்கும்வரை கட்டடம் அந்த விசையின் தாளத்தில்தான் ஆடும். தன் சொந்த அதிர்வெண்ணை வெளியே காட்டாது. எல்லாத் தறிகளையும் நிறுத்துங்கள். இருவர் தளத்தின் ஓரத்தில் நின்று உடலைப் பக்கவாட்டில் அசைத்துவிட்டு, சட்டென்று அசையாமல் நிற்கட்டும். அதன்பின் அடங்கும் அலையைப் பதிவு செய்யுங்கள்; அது கட்டடத்தின் சொந்த அலை. எத்தனை அலையில் உயரம் பாதியாகிறது என்பதையும் எண்ணுங்கள்.

தளப் பொறியாளர், திருப்பூர்: தூணின் அடியை இறுகியதாக எடுத்தது தவறு. தனி அஸ்திவாரம் மண்ணில் திரும்பும். நடைமுறையில் எல்லா அடியும் தடையின்றித் திரும்பும் கீல்தான், 12EI/h³க்குப் பதிலாக 3EI/h³ போட வேண்டும்.

பாதி சரி. அஸ்திவாரம் கொஞ்சம் திரும்பும். இறுகியது என்று கொள்வது மேல் எல்லை. கீல் என்பது கீழ் எல்லை. விறைப்பு நான்கில் ஒன்றாகி, பீமை வளையாததாகக் கொண்டாலும் 2.4 ஹெர்ட்ஸ்தான் வரும். அது தறியின் 2.5 ஹெர்ட்ஸ் அடியோடு ஏறக்குறைய ஒன்றிப்போகிறது. அப்படி இருந்தால் அந்தத் தளத்தில் யாரும் நின்று வேலை செய்ய முடியாது. அளவு வரட்டும், தெரிந்துவிடும். அடித்தகட்டில் இரண்டே போல்ட் போட்ட இரும்புக் கொட்டகைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்: தூணின் நிறையில் பாதியை மேலே சேர்த்திருக்கிறீர்கள். இரு முனையும் இறுகிய தூணுக்கு, வளைவின் வடிவத்தைக் கொண்டு பார்த்தால் 13/35 பங்குதான் வரும்.

உண்மை, ஐயா. இங்கே நான்கு தூண்களும் சேர்ந்து 27 கிலோநியூட்டன். பாதிக்கும் 13/35க்கும் உள்ள வேறுபாடு 3.5 கிலோநியூட்டன். மொத்த எடையில் அது அதிர்வெண்ணை அரை சதவீதம்தான் மாற்றும். உயரமான கனத்த தூணும் லேசான கூரையும் இருந்தால் நீங்கள் சொல்லும் பங்கைத்தான் போட வேண்டும்.

தறி உரிமையாளர், சோமனூர்: நிறுத்திவிட்டு அளந்தேன். 4.3 வருகிறது. ஐந்து அலையில் உயரம் பாதியானது.

நல்ல அளவு. பீம் வளைவதைச் சேர்த்த கணக்குக்கு அருகில் வருகிறது. கீல் என்ற வாதம் இந்தக் கட்டடத்துக்கு இத்தோடு முடிந்தது. தணிப்பு 0.693ஐ 2π×5ஆல் வகுக்க, 2.2 சதவீதம். இது குறைவு. தறி வேகத்தைக் குறைத்து 130 பிக்குக்குக் கொண்டுபோனால் இருமடங்கு 4.33 ஆகிவிடும், ஆட்டம் பல மடங்கு பெருகும். வேகத்தைக் குறைத்தால் அதிர்வு குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கட்டட ஒப்பந்ததாரர், பல்லடம்: நாங்கள் அனுபவத்தில் செய்வது: தளத்தின்மேல் இன்னொரு அடுக்கு கான்கிரீட் போட்டு எடையை ஏற்றிவிடுவோம். ஆட்டம் குறைகிறது. கணக்கு என்ன சொல்லும்?

தளப் பொறியாளர், திருப்பூர்: எடை கூடினால் அதிர்வெண் குறையும், 2.5ஐ நோக்கிப் போகும். ஆபத்து.

கட்டட ஒப்பந்ததாரர், பல்லடம்: குறைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இருவர் சொல்வதையும் எண்ணில் வைத்துப் பார்க்கலாம். 5 ஹெர்ட்ஸ் விசை 4.3க்கு மேலே இருக்கிறது. இயல்பு அதிர்வெண்ணுக்கு மேலே தள்ளும் விசைக்கு நிறைதான் எதிரி. 10 டன் ஏற்றினால் 4.3 என்பது 3.8 ஆகும், 5 ஹெர்ட்ஸில் வரும் ஆட்டம் பாதிக்கும் கொஞ்சம் கீழே இறங்கும். ஒப்பந்ததாரர் கண்டது அதுதான். ஆனால் 2.5 ஹெர்ட்ஸ் விசை 4.3க்குக் கீழே இருக்கிறது. அங்கே பொறியாளர் சொல்வது சரி, அந்த ஆட்டம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும்.

மொத்தத்தில் தளம் அமைதியானதாகத் தோன்றலாம். நான் அதைச் செய்ய மாட்டேன். நிலநடுக்க விசை நிறையோடு சேர்ந்து வளரும். 33 டன்னில் 10 டன் கூட்டினால் அதே தூண்களுக்கு 30 சதவீதம் கூடுதல் தள்ளல்; கீழே சுவரும் இல்லை. 2001 புஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இடிந்த அடுக்ககங்கள் பலவற்றில் கீழ்த்தளம் இப்படித் திறந்த தூண்களாக இருந்தது.

விறைப்பைக் கூட்டினால் இரண்டு ஆட்டமும் குறைகின்றன. நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் 8.6, 5 ஹெர்ட்ஸ் ஆட்டம் இப்போதைய அளவில் எட்டில் ஒன்றுக்கு அருகில் வரும், 2.5 ஹெர்ட்ஸ் ஆட்டம் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. ஒரு விலை உண்டு: மும்மடங்கான 7.5 ஹெர்ட்ஸ் இப்போது அருகில் வந்துவிடும். அந்தத் தள்ளல் எவ்வளவு என்பது தறியைப் பொறுத்தது. உங்கள் பதிவில் 7.5இல் உச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவர்: எனக்கு T = 5.7 நொடி வருகிறது. k = 30,000, m = 25,000.

அலகு. k கிலோநியூட்டனில், நிறை கிலோகிராமில். 31.6 மடங்கு பிழை. மேலே மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வீட்டு உரிமையாளர்: என் வீட்டு முதல் மாடியில் குழந்தைகள் குதித்தால் தரை மேலும் கீழும் அதிர்கிறது. இதே சூத்திரமா?

இல்லை. அது தளத்தின் செங்குத்து வளைவு. தூண்களுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. வேறு கணக்கு.

வடிவமைப்புப் பொறியாளர், கோவை: நிலநடுக்க விதிநூல் ஐஎஸ் 1893இன் காலச் சூத்திரம் 0.075h^0.75 போட்டால் 0.17 நொடி வருகிறது. இவ்வளவு உழைப்பு எதற்கு?

நிலநடுக்கத்துக்கு அது போதும். 2016 ஐஎஸ் 1893 நிறமாலையில் நடுத்தர மண்ணுக்கு 0.10 முதல் 0.55 நொடிவரை ஒரே சமதளம். உங்கள் 0.17ஆக இருந்தாலும், அளந்த 4.3 ஹெர்ட்ஸின் 0.23ஆக இருந்தாலும் விசை ஒன்றே. ஆனால் தறி சமதளம் பார்க்காது. 4.3க்கும் 5க்கும் உள்ள இடைவெளிதான் இங்கே எல்லாம். விதிநூல் காலத்தைக் கொண்டு எந்திர அதிர்வைத் தீர்மானிக்காதீர்கள்.

தறி உரிமையாளர், சோமனூர்: சுவர் எழுப்பலாமா? வண்டி நுழைய ஒரு பக்கம் வேண்டும். 7.5இல் சின்னதாக ஒரு உச்சம் இருக்கிறது.

தறியின் சட்டம் எந்தத் திசையில் அடிக்கிறதோ, சுவரின் நீளம் அந்தத் திசையில் இருக்க வேண்டும். எதிரெதிர் பக்கம் இரண்டில் 230 மி.மீ. செங்கல் சுவர் எழுப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுப்பினால் தளம் அந்தச் சுவரைச் சுற்றித் திருகும். இதைத் தவிர்ப்பது மிக முக்கியம். பீமின் அடியில் கலவையை இறுக்கி அடைக்கச் சொல்லுங்கள். அங்கே விரலளவு இடைவெளி விட்டால் சுவர் இருந்தும் வேலை செய்யாது.

செங்கல் சுவர் பொதுவாக விறைப்பை நான்கு மடங்குக்கும் மேலே கொண்டுபோகும், அப்போது 7.5ஐத் தாண்டி நன்றாக விலகிவிடலாம். உங்கள் செங்கல்லும் கலவையும் எப்படி என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அதனால் முதலில் இரண்டு சுவர், ஈரம் காய்ந்ததும் தறிகளை நிறுத்திவிட்டு மறுபடி அளவு. 9 ஹெர்ட்ஸுக்கு மேலே வந்தால் அப்படியே விடுங்கள். 7க்கும் 8க்கும் நடுவில் நின்றால் மூன்றாவது சுவர் தேவைப்படுமா, தறியின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதுமா என்பதை அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.