பழைய மின்தூக்கிக்கு டெண்டர்: எது இருக்கும், எது போகும், நாளை யார் பழுதுபார்ப்பார்?

கேள்வி: ஐயா, பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள 15 மாடி அடுக்குமாடி ஒன்றின் நிர்வாகக் கழகச் செயலாளர் நான். 1996இல் பொருத்திய இரண்டு மின்தூக்கிகளையும் நவீனமாக்க முடிவு செய்திருக்கிறோம். மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டோம். ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியவில்லை. இனி முறையாக டெண்டர் விடப்போகிறோம். அறிவிப்பில் தொழில்நுட்ப விவரங்களையும் சமர்ப்பிப்பு விதிகளையும் எப்படி எழுதுவது?

பதில்: ஒப்பிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருப்பார்கள். ஒருவர் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மோட்டாரையும் மட்டும் மாற்றுவார். இன்னொருவர் கதவுகளையும் சேர்ப்பார். மூன்றாமவர் தண்டவாளத்தைத் தவிர எல்லாவற்றையும் கழற்றுவார். மூவரும் தங்கள் தாளின் தலைப்பில் ஒரே பெயரைத்தான் எழுதுவார்கள். ஆகவே உங்கள் டெண்டரின் முதல் பக்கத்தில் வர வேண்டியது, எது இருக்கும், எது போகும் என்ற பட்டியல். அதை நீங்கள் எழுத வேண்டும். விலை சொல்பவரிடம் விட்டால், அவருக்கு மலிவானது எதுவோ அதுவே பட்டியலாகிவிடும்.

அந்தக் காலத்து மின்தூக்கிகளில் பெரும்பாலும் இரண்டு வேக மோட்டார், கியர் இயந்திரம், ரிலே வைத்த கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவைதான் இருக்கும். கூண்டு ஓடும் எஃகுத் தண்டவாளங்கள், கூண்டுக்குச் சமனாகக் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடையின் சட்டம், கூண்டைத் தாங்கும் சட்டம் ஆகியவை துருப்பிடிக்காமலும் வளையாமலும் இருந்தால் இருக்கட்டும். கட்டுப்பாட்டுப் பெட்டி, எல்லா மின்கம்பிகளும், கூண்டோடு தொங்கும் கேபிள், கதவை இயக்கும் கருவி, மாடிக் கதவுகளின் பூட்டுகள், பொத்தான்கள், எஃகுக் கயிறுகள் ஆகியவை போக வேண்டியவை. சண்டை வருவது நடுவில் நிற்கும் சாமான்களில்தான். அவற்றில் முக்கியமானது கியர் இயந்திரம்.

பழைய கியரை வைத்துக்கொண்டால் விலை குறையும் என்று யாராவது சொல்வார்கள். குறையத்தான் செய்யும். ஆனால் மின்தூக்கிப் பாதுகாப்புக்கான இன்றைய ஐரோப்பியத் தரமான ஈ.என். 81-20 இரண்டு பாதுகாப்புகளைக் கேட்கிறது. கதவு திறந்திருக்கும்போது கூண்டு தானாக நகர்ந்தால் அதை நிறுத்த வேண்டும். கூண்டு மேல்நோக்கி அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடினாலும் நிறுத்த வேண்டும். பழைய கியர் இயந்திரத்தின் பிரேக் இவற்றுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. கியரை வைத்துக்கொள்பவர் கயிற்றைப் பிடிக்கும் பிரேக் போன்ற தனிக் கருவி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தியாக வேண்டும். அதை விலையில் சேர்க்காதவர்தான் மிக மலிவாகத் தெரிவார். என் ஆலோசனை, கியர் இல்லாத புதிய இயந்திரம் என்று அறுதியிட்டு எழுதி, மாற்று யோசனைகள் ஏற்கப்படா என்றும் சேர்த்துவிடுவது.

செயல்திறனை எண்ணால் எழுதுங்கள். "சீராக இயங்க வேண்டும்" என்ற வரியால் நாளை யாரையும் பிடிக்க முடியாது. இரண்டு வேக மோட்டார் உள்ள கூண்டு, ஆள் கூடினால் ஓர் இடத்திலும் குறைந்தால் வேறோர் இடத்திலும் நிற்கும். தாத்தா பாட்டிகள் அந்த விளிம்பில்தான் தடுக்கி விழுகிறார்கள். வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வைத்த மோட்டார் இதைச் சரிசெய்யும். "கூண்டு நிற்கும் மட்டம், மாடித் தளத்திலிருந்து மேலோ கீழோ 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், வெறுமையாகவும், பாதிச் சுமையோடும், முழுச் சுமையோடும் ஒவ்வொரு மாடியிலும் அளந்து காட்ட வேண்டும்" என்று எழுதினால், ஒப்படைக்கும் நாளில் ஓர் அளவுகோலை வைத்தே நீங்கள் சரிபார்த்துவிடலாம். குறுக்கே ஆள் இருந்தால் மூடவிடாமல் தடுக்க, கதவில் பொருத்தும் ஒளித்திரையும் அப்படித்தான். கதவடியிலிருந்து 25 மில்லிமீட்டர் உயரம் தொடங்கி 1,600 மில்லிமீட்டர் வரை அது காக்க வேண்டும். ஒற்றைக் கதிர் உணரியை மாட்டிவிட்டுப் போக இடம் தராதீர்கள்.

கூண்டின் அழகு பற்றி ஓர் எச்சரிக்கை. குழுவில் யாராவது தரைக்குக் கருங்கல் பதிக்கலாம் என்பார்கள். எட்டுப் பேருக்கான, 545 கிலோ சுமை தாங்கும் கூண்டின் தரை ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் கருங்கல் பதித்தால் சுமார் 80 கிலோ கூடும். எதிர் எடை வழக்கமாகக் கூண்டின் எடையோடு, தாங்கும் சுமையில் 40 முதல் 50 விழுக்காட்டையும் சேர்த்துச் சமன் செய்யப்பட்டிருக்கும். 50 விழுக்காட்டில் இருந்த அந்தச் சமநிலை இந்த ஒரு தரையால் 35 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். முழுச் சுமையைத் தூக்கும்போது மோட்டாரும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கும். அவசரத்தில் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பாதுகாப்புக் கருவியும் அந்த எடைக்குப் போதுமா என்று பார்க்க வேண்டியிருக்கும். மெல்லிய வினைல் தரை போதும். எதுவானாலும், வேலை முடிந்த பின் சமநிலையை அளந்து எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

மொட்டை மாடி இயந்திர அறையின் வெப்பமும் விடுபடக்கூடாது. பழைய ரிலேக்கள் பினாங்கு வெயிலைத் தாங்கின. இன்வெர்ட்டரும் மின்னணுப் பலகைகளும் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிய அறையில் நீடிக்கா. குளிர்சாதனமோ காற்றோட்ட விசிறியோ யார் பொருத்துவது? மாடிக் கதவைச் சுற்றி உடைத்த சுவரைப் பூசுவது யார்? மின்சார முதன்மைச் சுவிட்ச், கழற்றிய பழைய இரும்பு ஆகியவை யார் பொறுப்பு? விலைத்தாள்களின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் "பிறர் செய்ய வேண்டிய வேலை" என்று வருவதெல்லாம் இவைதான். அனைத்தும் ஒப்பந்ததாரருடையவை என்று எழுதுங்கள். பழைய இரும்புக்கும் செம்புக்கும் அவர் தரும் கழிவு விலையைத் தனி வரியில் கேளுங்கள்.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் தயாரித்த நிறுவனம் மட்டுமே திறக்க முடியும். பழுதுக் குறிப்பைப் படிக்கவே தனிக் கருவி வேண்டும். கடவுச்சொல் குறிப்பிட்ட காலத்தில் காலாவதியாகும். உதிரிப் பலகையை மற்ற நிறுவனங்களுக்கு விற்கமாட்டார்கள். உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாள் பராமரிப்புக் கட்டணத்தை அவர்கள் எவ்வளவு உயர்த்தினாலும், வேறு வழியில்லாமல் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். நவீனமாக்கிய அடுக்குமாடிகளில் உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் புலம்புவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

தடுப்பதற்கு ஒரு விதி போதும். "தகுதிபெற்ற எந்த மின்தூக்கி நிறுவனமும் பராமரிக்கக்கூடிய கட்டுப்பாட்டுப் பெட்டியாக இருக்க வேண்டும், பராமரிப்புக் கருவி, காலாவதியாகாத கடவுச்சொற்கள், மின்சுற்று வரைபடங்கள் அனைத்தும் ஒப்படைக்கும் நாளில் நிர்வாகக் கழகத்தின் உடைமையாகும்" என்று எழுதுங்கள். எல்லோரும் "ஆம்" என்று முத்திரை குத்தித்தான் தருவார்கள். உண்மையா என்று அறிய, அதே வகைப் பெட்டி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் இப்போது வேறொரு நிறுவனம் பராமரிக்கும் கட்டடம் ஒன்றின் முகவரியைக் கேளுங்கள். அப்படி ஒன்றைக்கூடக் காட்ட முடியாதவரின் பெட்டி பூட்டியது என்றே கொள்ளுங்கள். முகவரி கிடைத்தால் நேரில் போய் அங்குள்ள மேலாளரிடம் பேசுங்கள்.

இதே காரணத்தால் விலை அட்டவணையில் நிறுவும் செலவு மட்டும் இருந்தால் போதாது. இலவச உத்தரவாத ஆண்டுக்குப் பிந்தைய ஒன்பது ஆண்டுகளின் பராமரிப்புக் கட்டணத்தையும் இப்போதே கேட்டு, மொத்தத் தொகையில்தான் ஒப்பீடு என்று அறிவியுங்கள். ஓர் உதாரணக் கணக்கு: முதலாமவர் இரண்டு மின்தூக்கிக்கும் 2,60,000 ரிங்கிட் கேட்கிறார், பராமரிப்பு, மின்தூக்கி ஒன்றுக்கு மாதம் 650. இரண்டாமவர் 2,98,000 கேட்கிறார்; பராமரிப்பு மாதம் 380. பார்த்தவுடன் முதலாமவர் 38,000 மலிவு. ஆனால் 108 மாதங்களுக்கு, இரண்டு மின்தூக்கிகளுக்கு, முதலாமவரின் பராமரிப்பு 1,40,400 ஆகிறது; இரண்டாமவருடையது 82,080. மொத்தத்தில் 4,00,400க்கு எதிரே 3,80,080. இரண்டாமவர்தான் 20,320 ரிங்கிட் மலிவு. கட்டணத்தில் எந்த உதிரிப்பாகங்கள் அடங்கும் என்பதையும் நீங்களே பட்டியலிடுங்கள். இல்லையென்றால் இந்தக் கணக்கும் பொய்த்துப்போகும்.

சட்டப் பகுதியை எங்கிருந்தாவது நகலெடுக்கும்போது தேதியைப் பாருங்கள். 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய டெண்டர் மாதிரிகளில் அதன் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இப்போது பொருந்துவது 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அதை நடைமுறைப்படுத்தும் துறையின் அனுமதி, பரிசோதனை, தகுதிச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் பெற்றுத்தருவது ஒப்பந்ததாரரின் கடமை என்று எழுதுங்கள். முதல் மின்தூக்கி அந்தப் பரிசோதனையில் தேறும் வரை இரண்டாவதைத் தொடக்கூடாது என்ற விதியும் அதோடு சேர வேண்டும். 15 மாடியில் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால், நோயாளி உள்ள வீடுகள் சிறையாகிவிடும். தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு இழப்பீடு என்ற தொகையை, மின்தூக்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். கடைசி 5 விழுக்காட்டுப் பணத்தை உத்தரவாத ஆண்டு முடியும் வரை பிடித்து வையுங்கள்.

சமர்ப்பிப்பு விதிகளில் நான் விட்டுக்கொடுக்காதவை சில. இடத்தை நேரில் பார்ப்பது கட்டாயம். வராதவருக்கு டெண்டர் படிவம் கிடையாது. பிறகு "அடிக்குழியில் நீர் இருந்தது தெரியாது" என்று கூடுதல் பணம் கேட்கும் வாசல் அடைபட்டுவிடும். ஒருவர் கேட்கும் சந்தேகத்துக்கான பதிலை எழுத்தில் எல்லோருக்கும் அனுப்புங்கள். தொழில்நுட்ப விவரம் ஓர் உறையிலும் விலை இன்னோர் உறையிலும் ஒட்டி முத்திரையிட்டு வர வேண்டும். முதல் உறையில் தேறாதவரின் விலை உறையைத் திறக்காமலே திருப்பித் தந்துவிடுங்கள். மலிவு விலையை ஒருமுறை பார்த்துவிட்டால் குழுவின் மனம் மாறிவிடும். இறுதி நாளன்று நண்பகல் 12.00 மணிக்குப் பெட்டி மூடப்படும். ஐந்து நிமிடம் தாமதமானாலும் ஏற்பதில்லை. மிகக் குறைந்த விலையை ஏற்கக் கழகம் கடமைப்பட்டதல்ல என்ற வரியும் இருக்கட்டும்.

விலை செல்லுபடியாகும் காலத்தை 120 நாள் என்று வையுங்கள். பலர் 60 நாள் என்று எழுதிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். உறைகளைத் திறந்து, இரண்டு மூன்று கட்டடங்களைப் போய்ப் பார்த்து, கழகத்தின் சேமநிதியிலிருந்து இவ்வளவு பெரிய தொகையை எடுப்பதை உரிமையாளர்கள் கூட்டத்தில் விளக்கி, அதற்கான அறிவிப்புக் காலமும் கடந்து வருவதற்குள் அந்த 60 நாளும் ஓடிவிடும். அதன்பின் நிறுவனம் விலையை உயர்த்தினால் உங்களால் மறுக்க முடியாது.