தூண்களில் லைவ் லோடு குறைப்பு: எங்கே செய்யலாம், எங்கே கூடாது? (கேள்வி பதில்)

கோவையில் பணிபுரியும் இளம் பொறியாளர்: ஐயா, தரைத்தளமும் அதற்கு மேல் ஐந்து மாடிகளும் உள்ள அலுவலகக் கட்டடம். 40 சதவீதம் குறைக்கலாம் என்று சீனியர் சொன்னார். எல்லாத் தளங்களிலும் சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டனுக்குப் பதிலாக 2.4 என்று உள்ளிட்டு மாடலை ஓட்டிவிட்டேன். சரிதானே?

சரியில்லை. அந்த மாடலிலிருந்து எந்த முடிவையும் எடுக்காதீர்கள். ஆட்களாலும் பொருள்களாலும் வரும் லைவ் லோடைத் தளத்தின் மேல் உள்ளிடும்போதே குறைத்துவிட்டால், ஸ்லாபும் பீமும் அந்தக் குறைந்த சுமைக்கே வடிவமைக்கப்பட்டுவிடும். ஓர் அறை முழுவதும் ஆட்களும் அலமாரிகளும் நிறைந்திருக்கும் நாள் நிச்சயம் வரும். அன்று அந்த அறையின் ஸ்லாபுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. பல மாடிகளும் ஒரே நேரத்தில் முழுமையாக நிறைந்திருப்பது அரிது என்பதே குறைப்புக்கு அடிப்படை. ஆகவே பல தளங்களின் சுமை வந்து சேரும் தூண், சுவர், அஸ்திவாரம் ஆகியவற்றுக்குத்தான் அது பொருந்தும். பெரிய பரப்பைத் தாங்கும் பீம்களுக்கு வேறு விதி இருக்கிறது. அதை இதோடு கலக்க வேண்டாம்.

இந்தியத் தர விதியான IS 875 பகுதி 2 (1987) தரும் அட்டவணை, தூணின் குறிப்பிட்ட பகுதி எத்தனை தளங்களைத் தாங்குகிறது என்பதைக் கூரையையும் சேர்த்து எண்ணச் சொல்கிறது. ஒரு தளமானால் குறைப்பு இல்லை. இரண்டுக்கு 10, மூன்றுக்கு 20, நான்குக்கு 30, ஐந்து முதல் பத்து வரை 40, பத்துக்கு மேல் 50 சதவீதம். அந்தப் பகுதிக்கு மேலுள்ள எல்லாத் தளங்களின் லைவ் லோடையும் முதலில் கூட்டி, அந்த மொத்தத்தில்தான் கழிக்க வேண்டும்.

உங்கள் கட்டடத்தில் ஒரு தூண் தளத்துக்கு 30 சதுர மீட்டர் பரப்பைத் தாங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு மாடியிலிருந்தும் 120 கிலோநியூட்டன், கூரையிலிருந்து 1.5 வீதம் 45 கிலோநியூட்டன் வரும். உச்சி மாடித் தூண் கூரையை மட்டும் தாங்குவதால் முழு 45. அதற்குக் கீழே 165-இல் 10 சதவீதம் போக 148.5. அடுத்து 285 என்பது 228 ஆகும். 405 என்பது 283.5 ஆகும், 525 என்பது 315 ஆகும். தரைத்தளத் தூணில் ஆறு தளங்களின் 645-இல் 40 சதவீதம் போக 387 நிற்கும். நீங்கள் செய்தபடி செய்தால் தரைத்தளத் தூணின் கணக்கு ஏறத்தாழச் சரியாகத் தோன்றும். ஆனால் உச்சித் தூணுக்கு அடுத்துக் கீழே உள்ள மூன்று மாடிகளின் தூண்களில் அட்டவணை அனுமதிக்காத அளவு கழிந்திருக்கும். உச்சித் தூணில் நேர்ச்சுமை குறைவு, பீமிலிருந்து வரும் வளைவு விசையோ அதிகம். அந்த வளைவு விசையையும் நீங்கள் சேர்த்துக் குறைத்துவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. குறைப்பைத் தூணின் நேர்ச்சுமையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: குறைத்த சுமைக்கு வடிவமைத்த தூண் என்பதையும், எந்தத் தளம் எந்தப் பயன்பாட்டுக்கு என்பதையும் வரைபடக் குறிப்பிலேயே எழுதி வையுங்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: நான் மேலிருந்து இரண்டாவது தளத்துக்கு 10, மூன்றாவதுக்கு 20 என்று தளந்தோறும் தனித்தனியாகக் கழித்துக் கூட்டுவேன். மேலே சொன்ன கட்டடத்துக்கு 477 வருகிறது. உங்கள் 387 தவறு.

உங்கள் கூட்டல் சரி. அட்டவணையை வாசித்த முறைதான் சரியில்லை. சதவீதம் மொத்தச் சுமைக்கு உரியது, தளத்துக்கு உரியதன்று. உங்கள் முறை பாதுகாப்பான பக்கம் சாய்வதால் கட்டடத்துக்குக் கேடில்லை. ஆனால் அதை விதி என்று பிறருக்குச் சொல்ல வேண்டாம்.

சென்னையில் உயர்மாடிக் கட்டடங்களில் பணிபுரிபவர்: எங்கள் விரிதாளில் பத்துத் தளங்களைத் தாங்கும் தூணைவிட, அதற்குக் கீழே பதினொன்றைத் தாங்கும் தூணில் லைவ் லோடு குறைவாக வருகிறது. சூத்திரம் பிழையா?

சூத்திரத்தில் பிழையில்லை. இப்படிக் கவனித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதே 120-ஐயும் 45-ஐயும் வைத்துப் பார்த்தால், பத்துத் தளங்களுக்கு 1125-இல் 40 சதவீதம் போக 675. பதினொன்றுக்கு 1245-இல் பாதி 622.5. கீழ்த் தூண் மேல் தூணைவிடக் குறைவாகத் தாங்குவது என்பது நடக்காத காரியம். இதற்காகவே விதியில் ஒரு குறிப்பு இருக்கிறது: கீழே குறைவாக வந்தால், மேலே வந்த அளவையே கீழேயும் கொள்ள வேண்டும். ஆக, பதினொன்றுக்கும் 675. பன்னிரண்டில் 682.5 ஆகிவிடுவதால் சிக்கல் தானே தீர்கிறது. விரிதாளில் ஒவ்வொரு வரிசையையும் அதற்கு மேல் வரிசையோடு ஒப்பிட்டுப் பெரியதை எடுக்கும்படி ஒரு `MAX` சேர்த்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து வீட்டு உரிமையாளர்: எங்கள் வீட்டில் லைவ் லோடைக் குறைக்க நினைக்கிறோம். மொட்டை மாடியில் கிடக்கும் பழைய சாமான்களை இறக்கிவிட்டால் தூணுக்கு நல்லதா?

அம்மா, இங்கே பேசுவது புதுக் கட்டடத்தை வடிவமைக்கும்போது கணக்கில் செய்யும் குறைப்பைப் பற்றி. சாமான்களை இறக்குவது நல்லதுதான். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அது எப்போதும் நிறைந்திருக்கும் சுமை; அதை எந்தக் கணக்கிலும் குறைக்க முடியாது. விரிசல் ஏதாவது கண்டிருந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள்.

பெங்களூரிலிருந்து மூத்த பொறியாளர்: கட்டட வகைகளில் குறைப்பு கூடாது என்று விதி சொல்வது சேமிப்புக் கிடங்குகளுக்கும் கார் நிறுத்தும் கட்டடங்களுக்கும்தான். ஓர் அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடி மட்டும் கோப்பு அறை, அங்கே சதுர மீட்டருக்கு 7.5 கிலோநியூட்டன் என்றால், அது கிடங்கு ஆகிவிடாது. நான் அதையும் சேர்த்தே குறைப்பேன்.

சொல்லளவில் நீங்கள் சொல்வது சரிதான். விதி கட்டடத்தைத்தான் குறிப்பிடுகிறது, மாடியை அன்று. ஆனால் கிடங்குக்கு ஏன் விலக்கு என்று பாருங்கள். அங்கே சுமை ஆண்டு முழுவதும் நிறைந்தே இருக்கும். 'ஒரே நேரத்தில் நிறையாது' என்ற அடிப்படை அங்கே இல்லை. கோப்பு அறைக்கும் அதே நிலைதான். முதல் கேள்வியின் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியை இப்படி மாற்றினால், உங்கள் கணக்கில் மொத்தம் 750, குறைத்தபின் 450. என் கணக்கில் கோப்பு அறையின் 225-ஐத் தொடாமல் வைத்து, மீதமுள்ள ஐந்து தளங்களின் 525-ஐ 315 ஆக்கினால் 540. வேறுபாடு 90 கிலோநியூட்டன், பாதுகாப்புக் குணகமான 1.5-ஆல் பெருக்கினால் 135.

அதே மூத்த பொறியாளர்: 5 கிலோநியூட்டனுக்கு மேற்பட்ட தளங்களுக்கும் குறைப்பை எடுக்கலாம் என்று அதே பிரிவில் இருக்கிறதே.

இருக்கிறது, அதை ஒட்டி ஒரு நிபந்தனையும் இருக்கிறது. எல்லாத் தளங்களையும் 5 கிலோநியூட்டனுக்குக் குறைப்பே இல்லாமல் வடிவமைத்திருந்தால் வரும் சுமைக்குக் கீழே போகக்கூடாது. கூரையை 45 என்றே விட்டுவிட்டாலும், ஐந்து மாடிகளுக்கு 150 வீதம் 750, கூரையோடு 795. உங்கள் குறைக்காத மொத்தமே 750-தான். நீங்கள் காட்டும் பிரிவைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால், ஒரு கிலோநியூட்டனைக்கூடக் குறைக்க முடியாது.

சேலத்திலிருந்து கட்டமைப்பு ஆலோசகர்: அப்படியானால் 540-உம் தவறு, 750 அல்லவா? மேலும், கோப்பு அறையைக் குறைப்பில் சேர்க்காவிட்டாலும் தளங்களின் எண்ணிக்கையில் சேர்க்கலாமா?

இரண்டும் நியாயமான கேள்விகள். அந்த நிபந்தனையைக் கட்டடம் முழுமைக்கும் வாசிப்பதா, கனமான தளத்துக்கு மட்டும் வாசிப்பதா என்பதில் பொறியாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. கனமான ஒரு தளத்துக்காக மற்ற நான்கு சாதாரண மாடிகளின் குறைப்பையும் இழப்பது விதியின் நோக்கமன்று என்பது என் வாசிப்பு. என் கணக்கைச் சரிபார்ப்பவர் 750 கேட்டால் மறுக்க மாட்டேன். 450-க்குக் கையெழுத்திட மாட்டேன். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, குறைக்காத தளத்தை நான் எண்ணுவதில்லை. இந்தக் கட்டடத்தில் ஐந்தானாலும் ஆறானாலும் 40 சதவீதமே என்பதால் வேறுபாடு தெரியாது. ஒரு மாடி குறைவாக இருந்தால் 30-க்கும் 40-க்கும் இடையே முடிவு செய்ய வேண்டிவரும். அங்கே 30-ஐ எடுங்கள்.

மூத்த பொறியாளர்: 450 கூடாது என்பதை ஏற்கிறேன். எண்ணிக்கை விஷயத்தில் உடன்படவில்லை. அந்தத் தளமும் தூணின் மேல்தானே இருக்கிறது!

இருக்கட்டும், அதில் நாம் வேறுபடலாம். கட்டி முடித்தபின் வாடகைக்கு வருபவர் வேறொரு மாடியையும் கோப்பு அறையாக்கிவிட்டால் நம் இருவரின் கணக்கும் பொய்த்துவிடும். அதனால்தான் மீண்டும் சொல்கிறேன்: பயன்பாட்டை வரைபடத்தில் எழுதுங்கள்.

ஈரோட்டிலிருந்து: சார், ஆறு தளம் என்றால் எத்தனை சதவீதம்?

முதல் பதிலில் இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து: யூரோகோடில் இதே அட்டவணையா?

இல்லை. அங்கே மாடி எண்ணிக்கையை வைத்து ஒரு குணகம் வரும். அந்தந்த நாட்டின் தேசிய இணைப்பு அதை மாற்றலாம். உங்கள் நாட்டு இணைப்பையே பாருங்கள்.

வேலூரிலிருந்து: நிலநடுக்கக் கணக்கில் லைவ் லோடில் பாதியைத்தான் எடுக்கிறோம். அதன் மேல் மாடி எண்ணிக்கைக்கான 40 சதவீதத்தையும் கழிக்கலாமா?

கூடாது. IS 1893-இன்படி 3 கிலோநியூட்டன் வரை 25 சதவீதமும், அதற்கு மேல் 50 சதவீதமும் எடுக்கிறோம். ஒரே நேரத்தில் நிறையாது என்ற அதே எண்ணம் அந்தச் சதவீதத்திலேயே அடங்கியிருக்கிறது. ஒரே காரணத்துக்காக இரண்டு முறை கழிக்க முடியாது.

சென்னையிலிருந்து: ETABS மென்பொருளில் `Reducible Live` என்று கொடுத்தேன். தூணில் குறைந்திருக்கிறது, ஆனால் அஸ்திவாரத்துக்கு எடுத்த எதிர்விசை குறையவில்லையே?

அந்தக் குறைப்பு தூணை வடிவமைக்கும் கட்டத்தில்தான் நடக்கிறது. பகுப்பாய்வு முழுச் சுமையோடுதான் ஓடுகிறது, எதிர்விசையும் முழுச் சுமைக்கே வரும். விதி அஸ்திவாரத்துக்கும் குறைப்பை அனுமதிக்கிறது. வேண்டுமென்றால் கையால் கழியுங்கள். முக்கியமாக, மென்பொருளில் எந்த முறை தேர்வாகியிருக்கிறது என்று திறந்து பாருங்கள். பரப்பளவை வைத்துக் குறைக்கும் அமெரிக்க முறை தேர்வாகி, IS அட்டவணை என்ற பெயரில் அறிக்கை போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தூணை எடுத்து, மேலிருந்து கீழாகக் கையால் கணக்கிட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

திண்டுக்கல்லிலிருந்து கட்டட ஒப்பந்ததாரர்: கூரையோடு நான்கு தளம் உள்ள கட்டடம். இன்னொரு மாடி ஏற்றினால் குறைப்பு 30-இலிருந்து 40 ஆகிறது. ஆக, பழைய தூணே தாங்கும் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. மேலே உள்ள எண்களிலேயே பாருங்கள்: நான்கு தளங்களுக்கு 283.5, ஐந்துக்கு 315. லைவ் லோடு 31.5 மட்டுமே கூடுகிறது என்பது உண்மை. ஆனால் ஸ்லாபு, பீம், சுவர், பூச்சு எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 11 கிலோநியூட்டன் என்று வைத்தாலும் டெட் லோடு 330 கூடும். அதில் ஒரு சதவீதமும் குறையாது. கட்டடத்தின் எடையும் உயரமும் கூடுவதால் நிலநடுக்க விசையும் கூடும். பழைய தூண் எந்தக் குறைப்போடு வடிவமைக்கப்பட்டது என்பது தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பழைய வரைபடத்தைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் கம்பியின் அளவையும் கான்கிரீட்டின் வலிமையையும் சோதித்து, புதிதாகக் கணக்கிட்ட பிறகே மாடியைப் பற்றிப் பேசுங்கள்.