ரூம்மேட் மாறினால் வாடகை ஒப்பந்தத்தில் பெயரை மாற்றுவது எப்படி?

"தண்டையார்பேட்டையில் மூணு பேர் சேர்ந்து வீடு எடுத்தோம். ஒருத்தர் காலி பண்றார். புதுசா வர்றவர் பெயரை அக்ரிமெண்ட்டில் சேர்க்கச் சொல்லி ஓனரிடம் கேட்கலாமா?"

கேட்கலாம், ஆனால் சம்மதிப்பது ஓனர் விருப்பம். மூவரும் கையெழுத்திட்டது கூட்டு வாடகை ஒப்பந்தம். பொதுவாக அதில் மொத்த வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. ஒரே பில்லில் சாப்பிட்ட மூவரில் ஒருவர் எழுந்து போனால், ஹோட்டல்காரர் மிச்சமிருப்பவர்களிடம்தானே முழுப் பணம் கேட்பார்? அதேதான். அதனால் பழைய தாளில் ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதினால் போதாது. போகிறவர் பொறுப்பு முடிவதையும், வருகிறவர் பொறுப்பு தொடங்குவதையும் எல்லோரும் ஏற்க வேண்டும்.

முத்திரைத்தாளில் புது ஒப்பந்தமே போட்டுவிடுவது சுலபம். ஓனர், இருக்கும் இருவர், புதியவர் கையெழுத்திடட்டும். போகிறவரிடம் பழைய ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாகத் தனியே எழுதி வாங்குங்கள்.

சண்டை வருவது பெரும்பாலும் அட்வான்ஸில்தான். வாடகை 12,000, அட்வான்ஸ் 36,000 என்றால் ஆளுக்கு 12,000. புதியவர் அதைப் போகிறவருக்கு நேரடியாகக் கொடுத்துவிடலாம். ஆனால் முழு 36,000-மும் இனி இந்த மூவருடையது என்று புது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காலி செய்யும்போது ஓனர், "உன்னிடம் நான் எதுவும் வாங்கவில்லையே" என்பார். அதுவும் உண்மைதான்! சுவரில் ஆணி ஓட்டை, உடைந்த குழாய் இருந்தால் கணக்கு முடிக்கும் முன்பே போட்டோ எடுங்கள். பழைய சேதம் புதியவர் தலையில் விழாது.

மாதாமாதம் ஓனருக்கு ஜிபே செய்தாலே வாடகைதாரர் ஆகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பணம் கொடுத்ததற்கு மட்டும்தான் சாட்சி, ஒப்பந்தத்தில் இடம் பிடித்ததற்கு அல்ல.